ஜெர்மன் மொழியின் 'பலவீனமான' ஆண்கள்

ஜெர்மன் மொழியில் தமிழனுக்குப் பெயர் 'தமீலெ'. 'டெர் தமீலெ வோன்ட் ஹியெர்' என்றால் 'அந்தத் தமிழர் இங்கே வசிக்கிறார்' என்று பொருள். அதே ஆளை 'எனக்குத் தெரியும்' என்று சொல்லவேண்டுமானால் 'தமீலெ' போதாது. 'டென் தமீலென்' என்று சொல்லவேண்டும். அவரோடு பேசினேன் என்றால் 'டெம் தமீலென்', அவருடைய வீடு என்றால் 'டெஸ் தமீலென்'. வாக்கியத்தில் எழுவாயாக நிற்கும்போது மட்டும் அவர் வெறும் 'தமீலெ'. அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் உடனே சொல்லின் வாலில் ஒரு 'ன்' ஒட்டிக்கொள்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தியரைக் குறிக்கும் 'இன்டெர்' என்ற சொல்லுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 'டெர் இன்டெர்', 'டென் இன்டெர்', 'டெம் இன்டெர்' என்று சொல் அப்படியே நிற்கும். சென்னையிலிருந்து போன ஒருவர் தன்னை இந்தியர் என்று சொல்லிக்கொண்டால் ஓர் இலக்கணம், தமிழர் என்று சொல்லிக்கொண்டால் வேறோர் இலக்கணம்.

'தமீலெ' சேர்ந்திருக்கும் கூட்டத்துக்கு ஜெர்மன் இலக்கணம் வைத்திருக்கும் பெயர் 'பலவீனமான ஆண்பால் பெயர்ச்சொற்கள்'. பாடப்புத்தகங்களிலும் வகுப்பறைகளிலும் 'என்-டெக்லினாட்ஸியோன்' என்பார்கள். 'ன்' சேர்த்து வேற்றுமைப்படுத்துவது என்று அதற்குப் பொருள். ஜெர்மன் கற்பவர்கள் தொடக்க நிலைகளைக் கடந்து, ஓரளவு பேச வந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் இது எதிரே வந்து நிற்கும்.

விதி எளியது, பழக்கம்தான் கடினம்

ஜெர்மன் மொழியில் வேற்றுமைகள் நான்கு: எழுவாய், 'ஐ' பொருளில் வரும் செயப்படுபொருள், 'கு' பொருளில் வரும் கொடை, 'உடைய' பொருளில் வரும் உடைமை. தமிழில் வேற்றுமையைப் பெயர்ச்சொல்லின் இறுதியில் வரும் உருபு காட்டும். ஜெர்மனில் பெரும்பாலும் பெயருக்கு முன்னே நிற்கும் சுட்டுச் சொல்தான் காட்டும். ஒருமை ஆண்பாலில் அது எழுவாய்க்கு 'டெர்', செயப்படுபொருளுக்கு 'டென்', கொடைக்கு 'டெம்', உடைமைக்கு 'டெஸ்' என்று மாறும்.

நண்பனைக் குறிக்கும் 'ஃப்ராய்ண்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'டெர் ஃப்ராய்ண்ட்', 'டென் ஃப்ராய்ண்ட்', 'டெம் ஃப்ராய்ண்ட்' என்று முன்சொல் மட்டுமே மாறுகிறது. உடைமையில் மட்டும் 'டெஸ் ஃப்ராய்ண்டெஸ்' என்று ஒரு 'ஸ்' சேரும். பெரும்பாலான ஆண்பால் சொற்கள் இப்படித்தான் நடக்கின்றன. இலக்கணம் இவற்றை 'வலிமையானவை' என்கிறது.

இனி மாணவனைக் குறிக்கும் 'ஷ்டுடென்ட்'. எழுவாயில் 'டெர் ஷ்டுடென்ட்'. பிறகு 'டென் ஷ்டுடென்டென்', 'டெம் ஷ்டுடென்டென்', 'டெஸ் ஷ்டுடென்டென்'. உடைமையில்கூட 'ஸ்' கிடையாது, 'என்'தான். பன்மைக்குப் போனால் நான்கு வேற்றுமையிலும் 'ஷ்டுடென்டென்'. மொத்தம் எட்டு இடங்களில் ஏழில் 'என்' இருக்கிறது. இல்லாத ஒரே இடம் ஒருமை எழுவாய். சொல் ஏற்கெனவே 'எ' ஒலியில் முடிந்தால் 'ன்' மட்டும் போதும்: 'யுங்கெ' என்றால் சிறுவன், 'யுங்கென்' என்றால் சிறுவனை.

தமிழ் பேசுகிறவருக்கு இந்த அமைப்பு புதிதல்ல. மரம், மரத்தை, மரத்தால், மரத்துக்கு, மரத்தின், மரத்தில். எழுவாயில் மட்டும் 'மரம்'. மற்ற எல்லா வேற்றுமையிலும் 'அத்து' என்ற சாரியை உள்ளே புகுந்து 'மரத்து' என்று வேறோர் அடியாகிவிடுகிறது. 'மரமை வெட்டினான்' என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. ஜெர்மன்காரர் காதுக்கு 'டென் ஷ்டுடென்ட்' என்பது ஏறக்குறைய 'மரமை' மாதிரிதான் ஒலிக்கும். ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் 'அத்து' வாங்கும் 'அம்' ஈற்றுச் சொற்களில் பெரும்பாலானவை அஃறிணை. ஜெர்மனில் 'என்' வாங்கும் சொற்களில் பெரும்பாலானவை மனிதர்கள், அல்லது விலங்குகள். இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அதற்கு முன்னால், இந்த 'என்' நடைமுறையில் எங்கே இடறவைக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஒருவரா, பலரா?

ஒருமையிலும் 'என்', பன்மையிலும் 'என்' என்பதால் ஒரு சிக்கல் வருகிறது. 'டென் ஷ்டுடென்டென்' என்ற தொடருக்கு இரண்டு பொருள் உண்டு. 'டென்' என்பது ஒருமை ஆண்பாலின் செயப்படுபொருளையும் காட்டும், பன்மையின் கொடை வேற்றுமையையும் காட்டும். 'மாணவனை' என்றும் கொள்ளலாம், 'மாணவர்களுக்கு' என்றும் கொள்ளலாம்.

எது என்று வினைச்சொல்தான் சொல்லும். 'இஹ் ஸேஹெ டென் ஷ்டுடென்டென்' என்றால் 'நான் அந்த மாணவனைப் பார்க்கிறேன்'. பார்த்தல் என்ற வினை செயப்படுபொருளைக் கேட்கும். ஆகவே மாணவன் ஒருவன்தான். 'இஹ் ஹெல்ஃபெ டென் ஷ்டுடென்டென்' என்றால் 'நான் அந்த மாணவர்களுக்கு உதவுகிறேன்'. உதவுதல் என்ற வினை, தமிழில் போலவே, கொடை வேற்றுமையைக் கேட்கும். ஆகவே மாணவர்கள் பலர். ஒரே ஒரு மாணவனுக்கு உதவினால் 'டெம் ஷ்டுடென்டென்' என்று முன்சொல் மாறும். பெயர்ச்சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு பொருள் சொல்லிவிட முடியாது. முன்சொல்லும் வினையும் சேர்ந்துதான் கணக்கு முடியும்.

கடித உறையில் இன்னொரு உதாரணம் கிடைக்கும். 'திரு' என்பதற்கு ஜெர்மனில் 'ஹெர்'. இதுவும் பலவீனமான சொல்தான். ஆனால் ஒருமையில் 'ன்' மட்டும் சேரும்: 'ஹெர்ன்'. பன்மையில்தான் 'ஹெர்ரென்'. ஒரு ஆணுக்கு எழுதும் கடித உறையில் பெயருக்கு மேல் வழக்கமாக 'ஹெர்ன்' என்று இருக்கும். அங்கே 'இன்னாருக்கு' என்ற சொல் எழுதப்படாமலே உணரப்படுகிறது, அதனால் எழுவாய் வடிவம் பொருந்தாது. பெண்ணுக்கு எழுதினால் 'ஃப்ராவ்' என்பதில் மாற்றமில்லை, ஏனென்றால் பெண்பால் சொற்கள் ஒருமையில் உருமாறுவதில்லை. உறையைப் பிரித்தால் கடிதத்தின் தொடக்கத்தில் 'மதிப்புக்குரிய ஹெர் ம்யூலர்' என்று 'ன்' இல்லாமல் இருக்கும். அது விளி, எழுவாய் வடிவம். கடிதத்தின் நடுவே 'ம்யூலர் அவர்களோடு பேசினேன்' என்று வந்தால் மறுபடி 'மிட் ஹெர்ன் ம்யூலர்'. ஒரே ஆள், ஒரே கடிதம், மூன்று இடம். வேலைக்கோ படிப்புக்கோ விண்ணப்பம் எழுதுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடங்களில் இதுவும் ஒன்று.

எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்தச் சொல் பலவீனமானது என்று பார்த்தவுடன் தெரிந்துகொள்ள இரண்டு பெரிய அடையாளங்கள் உதவும்.

முதலாவது, 'எ' ஒலியில் முடியும் ஆண்பால் சொல் ஓர் உயிரைக் குறித்தால் அது பெரும்பாலும் இந்தக் கூட்டம். சிறுவன் 'யுங்கெ', வாடிக்கையாளர் 'குண்டெ', சக ஊழியர் 'கொலேகெ', சிங்கம் 'லோவெ', குரங்கு 'ஆஃபெ', முயல் 'ஹாஸெ'. நாட்டினங்களின் பெயர்களும் அப்படியே: பிரெஞ்சுக்காரர் 'ஃப்ரன்ட்ஸோஸெ', ரஷ்யர் 'ரூஸெ', சீனர் 'ஹினேஸெ', சிங்களர் 'ஸிங்கலேஸெ', நம் 'தமீலெ'. ஜெர்மானியர் மட்டும் இதில் சேரமாட்டார். 'டாய்ச்செ' என்பது உண்மையில் பெயரடை. அது பெயரடைகளுக்கான விதிப்படி 'டெர் டாய்ச்செ', 'ஐன் டாய்ச்செர்' என்று எழுவாயிலேயே உருமாறும்.

இரண்டாவது அடையாளம், லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு வழியாக வந்து, கடைசி அசையில் அழுத்தம் பெறும் சொற்கள். 'என்ட்', 'ஆன்ட்', 'இஸ்ட்', 'ஆட்' என்று முடிபவை இவை: குடியரசுத் தலைவர் 'பிரெஸிடென்ட்', போலீஸ்காரர் 'பொலிட்ஸிஸ்ட்', படைவீரர் 'ஸொல்டாட்', நோயாளி 'பட்ஸியென்ட்'. இந்த வரிசையில் உயிரற்ற சிலவும் ஒலியின் உறவால் நுழைந்துவிட்டன. கோள் 'பிளனேட்', வைரம் 'டியமான்ட்', காசு போட்டால் சீட்டோ குளிர்பானமோ தரும் இயந்திரம் 'ஆவ்டோமாட்' எல்லாம் மனிதர்களைப் போலவே 'என்' வாங்கிக்கொள்கின்றன.

இவை தவிர, எந்த அடையாளமும் இல்லாத ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. மனிதன் 'மென்ஷ்', வீரன் 'ஹெல்ட்', இளவரசன் 'பிரின்ட்ஸ்', கரடி 'பேர்', அண்டை வீட்டுக்காரர் 'நாஹ்பார்'. இவற்றை நினைவில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐயம் வந்தால் அகராதி தீர்த்து வைக்கும். ஜெர்மன் அகராதியில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டு விகுதிகள் அச்சிட்டிருக்கும். முதலாவது ஒருமை உடைமை, இரண்டாவது பன்மை எழுவாய். 'ஷ்டுடென்ட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'என்', 'என்' என்று இரண்டுமே ஒன்றாக இருக்கும். அப்படி இருந்தால் பலவீனமான சொல். 'ப்ரொஃபெஸோர்' என்ற சொல்லுக்கு 'ஸ்', 'என்' என்று இருக்கும். பேராசிரியர்கள் என்றால் 'ப்ரொஃபெஸோரென்', ஆனால் பேராசிரியருடைய என்றால் 'டெஸ் ப்ரொஃபெஸோர்ஸ்', பேராசிரியரை என்றால் வெறும் 'டென் ப்ரொஃபெஸோர்'. மாணவர் பலவீனம், பேராசிரியர் அப்படியில்லை. பன்மையில் 'என்' வருவதை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். முதல் விகுதியைத்தான் பார்க்கவேண்டும்.

எழுத்தாளரைக் குறிக்கும் 'ஆவ்டோர்' என்ற சொல்லும் பேராசிரியர் வகைதான். ஆனால் ஜெர்மன் தாய்மொழிக்காரர்களே 'டெம் ஆவ்டோரென்' என்று சொல்லிவிடுவார்கள். 'என்' சேர்த்தால்தான் படித்தவர் பேச்சு என்று தோன்றி, சேர்க்கக்கூடாத இடத்திலும் சேர்த்துவிடுகிறார்கள்.

பெயர் வைத்தவர் கதை சொன்னவர்

'வலிமை', 'பலவீனம்' என்ற பெயர்களை இலக்கணத்துக்குள் கொண்டுவந்தவர் யாக்கோப் க்ரிம். தம்பி வில்ஹெல்மோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அதே க்ரிம். கதைத் தொகுப்பின் முதல் பாகம் 1812-இல் வந்தது. அவருடைய 'ஜெர்மன் இலக்கணம்' நூலின் முதல் பாகம் 1819-இல் வெளியானது. வேற்றுமைக்கு வேற்றுமை வெவ்வேறு விகுதி ஏற்கும் சொற்களை வலிமையானவை என்றும், எல்லா இடத்திலும் ஒரே 'ன்'-ஐ வைத்துக்கொண்டு காலம் தள்ளும் சொற்களைப் பலவீனமானவை என்றும் அவர் பிரித்தார். பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் அந்த 'ன்' முதலில் ஒரு விகுதியே அல்ல. அது சொல்லின் உடம்பிலேயே இருந்த எழுத்து. ஜெர்மன், லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் எல்லாவற்றுக்கும் மூலமான இந்தோ-ஐரோப்பிய மொழியில் 'ன்' ஒலியில் முடியும் பெயரடிகள் ஒரு பெரிய வகையாக இருந்தன. அவை ஒருமை எழுவாயில் மட்டும் அந்த 'ன்'-ஐ இழந்தன. மற்ற இடங்களில் அது அப்படியே இருந்தது.

நமக்குத் தெரிந்த சொல்லிலேயே இதைப் பார்க்கலாம். சமஸ்கிருதத்தில் சொல்லின் அடி 'ராஜன்'. எழுவாயாக வரும்போது 'ராஜா'. ராஜாவை என்று சொல்ல 'ராஜானம்'. 'ஆத்மன்' என்ற அடியும் அப்படியே: எழுவாயில் 'ஆத்மா', செயப்படுபொருளாகும்போது 'ஆத்மானம்'. 'ராஜா'வில் மறைந்த 'ன்' 'ராஜானம்' என்பதில் திரும்ப வருகிறது. 'லோவெ' என்பதில் இல்லாத 'ன்' 'லோவென்' என்பதில் தெரிகிறது. இரண்டும் ஒரே பழைய வழக்கத்தின் இரண்டு கிளைகள்.

காளை மாட்டுக்கு உறவு இன்னும் நெருக்கம். சமஸ்கிருதத்தில் 'உக்ஷன்', ஜெர்மனில் 'ஒக்ஸெ', ஆங்கிலத்தில் 'ஆக்ஸ்' மூன்றும் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. ஜெர்மன் 'ஒக்ஸெ' இன்றும் பலவீனமான சொல்லாகவே இருக்கிறது: எழுவாய் தவிர மற்ற இடமெல்லாம் 'ஒக்ஸென்'. ஆங்கிலத்தில் இந்த வகை ஏறக்குறைய அழிந்துவிட்டது. ஆனால் பள்ளியில் 'ஆக்ஸ்' என்பதன் பன்மை 'ஆக்ஸஸ்' அல்ல, 'ஆக்ஸன்' என்று நாம் மனப்பாடம் செய்தோமே, அந்த 'அன்' இதே பழைய 'ன்'-இன் எச்சம்தான்.

உயிருள்ளவை ஒரு பக்கம், உயிரற்றவை மறுபக்கம்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஜெர்மன் மொழியில் பலவீனமான ஆண்பால் சொற்கள் இன்றைவிட மிகப் பலவகையாக இருந்தன. உயிருள்ளவை மட்டுமல்ல, தோட்டம், வில், வயிறு, பெயர் எல்லாம் இந்த வகையில்தான் இருந்தன. தோட்டத்துக்கு எழுவாயில் 'கார்டோ', மற்ற வேற்றுமைகளில் 'ன்'. வில்லுக்கு 'போகோ', வயிற்றுக்கு 'மாகோ', பெயருக்கு 'நாமோ'.

பிறகு வந்த நூற்றாண்டுகளில் இந்தச் சொற்கள் இரண்டாகப் பிரிந்தன. பிரித்தது எந்தப் புலவரும் அல்ல, பேச்சு.

ஒரு வாக்கியத்தில் தோட்டம் எப்படி வருகிறது? தோட்டத்தை வாங்கினார்கள், தோட்டத்தில் வேலை செய்தார்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டார்கள். தோட்டம் தானாக எழுந்து ஒரு காரியம் செய்வது குறைவு. எழுவாய் வடிவமான 'கார்டோ' அபூர்வமாகவே காதில் விழும், 'ன்' சேர்ந்த வடிவமே எந்நேரமும் விழும். தலைமுறைகள் போகப் போக, 'ன்' சேர்ந்த வடிவமே சொல்லின் இயல்பான வடிவம் என்ற எண்ணம் மக்களிடம் ஊறிவிட்டது. எழுவாயிலும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். இன்று தோட்டம் 'கார்டென்', வில் 'போகென்', வயிறு 'மாகென்'. எழுவாயிலேயே 'ன்' வந்துவிட்டபின், மற்ற வேற்றுமைகளில் அது எதையும் காட்டுவதில்லை. ஆகவே உடைமையில் வலிமையான சொற்களைப் போல ஒரு 'ஸ்' சேர்ந்து 'டெஸ் கார்டென்ஸ்' ஆயிற்று. சொல் கட்சி மாறிவிட்டது.

சிறுவனும் வீரனும் சிங்கமும் அப்படியல்ல. ஓடுவது, அடிப்பது, பேசுவது எல்லாம் அவர்கள். எழுவாய் வடிவம் நாள்தோறும் வாயில் புழங்கியது, அதனால் அழியவில்லை. தவிர, உயிருள்ள இரண்டு பேர் ஒரு வாக்கியத்தில் வந்தால் யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்ற குழப்பம் வரும். 'கண்ணன் குமரனைக் கூப்பிட்டான்' என்பதில் 'ஐ' உருபை எடுத்துவிட்டால் யார் யாரைக் கூப்பிட்டார் என்பது போய்விடும். 'கண்ணன் மாடு வாங்கினான்' என்பதில் 'ஐ' இல்லாவிட்டாலும் மாடு கண்ணனை வாங்கியதாக யாரும் நினைக்கப்போவதில்லை. உயிருள்ளவற்றுக்கு வேற்றுமைக் குறி கூடுதலாக வேண்டியிருப்பது தமிழுக்கும் தெரிந்த நியாயம்தான்.

இந்தப் பிரிவினை முழுதாக முடியவில்லை. நடுவழியில் நிற்கும் சொற்களும் உண்டு. பெயரைக் குறிக்கும் 'நாமெ' எழுவாயில் இன்னும் 'ன்' இல்லாமலே இருக்கிறது. 'டென் நாமென்', 'டெம் நாமென்' என்று பழைய முறைப்படி மாறுகிறது. ஆனால் உடைமையில் மட்டும் 'டெஸ் நாமென்ஸ்' என்று 'ன்', 'ஸ்' இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. ஒரு கால் பழைய வீட்டில், ஒரு கால் புதிய வீட்டில். எண்ணம், நம்பிக்கை, மனவுறுதி, எழுத்து, தீப்பொறி ஆகியவற்றைக் குறிக்கும் ஆண்பால் சொற்களும் இப்படித்தான். இவற்றில் உயிருள்ளது ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்கலாம். அமைதிக்கு இன்று 'ஃப்ரீடெ', 'ஃப்ரீடென்' என்று இரண்டு எழுவாய் வடிவங்களும் வழக்கில் இருக்கின்றன. அந்தச் சொல் கடந்துபோவதை நாம் கண்ணெதிரே பார்க்கிறோம்.

எல்லாவற்றிலும் தெளிவான சாட்சி ஒரு சொல்லின் இரண்டு வடிவங்கள். கதைகளில் நெருப்புக் கக்கும் பறக்கும் நாகத்துக்கு ஜெர்மனில் 'ட்ராஹெ' என்று பெயர். அது உயிருள்ள பிராணி. ஆகவே பலவீனமாகவே இருக்கிறது: 'டென் ட்ராஹென்', 'டெஸ் ட்ராஹென்'. அதே பெயரைக் குழந்தைகள் விடும் காற்றாடிக்கும் வைத்தார்கள். காற்றாடிக்கு உயிர் இல்லை. ஆகவே அது தோட்டத்தின் வழியில் போய்விட்டது: எழுவாயிலேயே 'ட்ராஹென்', உடைமையில் 'டெஸ் ட்ராஹென்ஸ்'. மூலச் சொல் ஒன்றுதான். உயிர் இருந்தால் ஓர் இலக்கணம், காகிதமும் குச்சியுமானால் வேறோர் இலக்கணம்.

பெண்பால் சொற்களிலும் ஒருகாலத்தில் இந்த 'ன்' இருந்தது. பின்னாளில் பெண்பால் ஒருமையில் அது அறவே உதிர்ந்து, பன்மைக்கு மட்டும் அடையாளமாகிவிட்டது. ஆனால் பழைய கூட்டுச்சொற்களில் இன்னும் பதுங்கி இருக்கிறது. ட்ரெஸ்டென், மியூனிக் நகரங்களில் இருக்கும் புகழ்பெற்ற தேவாலயங்களின் பெயர் 'ஃப்ராவென்கிர்ஹெ'. இன்றைய இலக்கணப்படி 'ஃப்ராவென்' என்றால் பெண்கள். அதனால் பெண்களுக்கான தேவாலயம் என்று பொருள்கொள்ளத் தோன்றும். அங்கே குறிக்கப்படுபவர் ஒரே ஒரு பெண், மரியன்னை. 'ஃப்ராவென்' அங்கே பழைய ஒருமை உடைமை. சூரிய ஒளிக்கு 'ஸொன்னென்ஷைன்' என்பதும் அப்படியே. அதில் 'ஸொன்னென்' பன்மை போலத் தெரிந்தாலும் சூரியன் ஒன்றுதான்.

இன்றைய பேச்சில் உதிரும் 'ன்'

உயிருள்ள சொற்களும் எல்லாம் பத்திரமாக இல்லை. சேவலைக் குறிக்கும் 'ஹான்' ஒருகாலத்தில் பலவீனமான சொல். காலப்போக்கில் ஈற்று உயிரொலி தேய்ந்து, சொல் ஓரசையாகச் சுருங்கி, வலிமையான பக்கம் போய்விட்டது. இன்று சேவலுடைய என்றால் 'டெஸ் ஹான்ஸ்'. சேவல் கொண்டையைக் குறிக்கும் 'ஹானென்காம்' போன்ற கூட்டுச்சொற்களில் மட்டும் பழைய 'என்' மிச்சமிருக்கிறது.

அதே பாதையில் இப்போது கரடியும் வீரனும் இளவரசனும் நடந்துகொண்டிருக்கிறார்கள். எழுத்தில் 'டெம் பேரென்', 'டெம் ஹெல்டென்', 'டெம் பிரின்ட்ஸென்' என்பதே சரி. பேச்சில் 'டெம் பேர்', 'டெம் ஹெல்ட்', 'டெம் பிரின்ட்ஸ்' என்று கேட்பது சகஜம். அண்டை வீட்டுக்காரரின் கதை இன்னும் ஒரு படி முன்னே இருக்கிறது. 'டெஸ் நாஹ்பார்ன்' என்பதே பெருவழக்கு என்றாலும் 'டெஸ் நாஹ்பார்ஸ்' என்பதையும் அகராதிகள் ஏற்கின்றன.

எவை தேய்கின்றன, எவை தேயவில்லை என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மொழியியலாளர் கிளவுஸ்-மிஹாயெல் கோப்கெ 1995-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை விளக்கினார். பலவீனமான சொல்லுக்கு ஓர் இலட்சிய வடிவம் இருக்கிறது. அது மனிதரைக் குறிக்கும், பல அசைகள் கொண்டிருக்கும், கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் பெறும், 'எ' ஒலியில் முடியும். சக ஊழியரைக் குறிக்கும் 'கொலேகெ' அப்படிப்பட்ட சொல். அதன் 'ன்' அசைவதே இல்லை. இந்த இலட்சியத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகுகிறதோ, அவ்வளவுக்குச் சொல்லின் பிடி தளரும். 'பேர்' மனிதரும் அல்ல, பல அசையும் அல்ல, 'எ' ஒலியும் இல்லை. அது முதலில் தளர்வதில் வியப்பில்லை. 'தமீலெ' கோப்கெயின் எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றும் சொல். அதன் 'ன்'-க்கு இப்போதைக்கு ஆபத்தில்லை.

'என்' இல்லாமல் விடுவதே சரியாகும் இடமும் ஒன்று உண்டு. மனிதனுக்கும் விலங்குக்கும் இடையே என்பதை 'ட்ஸ்விஷென் மென்ஷ் உன்ட் டியெர்' என்பார்கள். இலக்கணப்படி 'மென்ஷென்' என்று வந்திருக்கவேண்டும். ஆனால் முன்சொல் ஏதும் இல்லாமல் 'மென்ஷென்' என்று நின்றால் கேட்பவர் பன்மை என்று எடுத்துக்கொள்வார். ஒருமை என்று காட்ட 'டெம்' பக்கத்தில் இல்லை. அதனால் 'என்'-ஐ விட்டுவிடுகிறார்கள். மருத்துவருக்கும் நோயாளிக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும்போதும் வெறும் 'பட்ஸியென்ட்' என்றே வரும். 'என்' தன் வேலையைத் தனியாகச் செய்வதில்லை, முன்சொல்லின் துணையோடுதான் செய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

ஜெர்மன் கற்கிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய வழி எளிது. ஆண்பால் சொல் எதையும் அதன் எழுவாய் வடிவத்தோடு நிறுத்தாமல், உடைமை வடிவத்தையும் சேர்த்தே மனத்தில் பதியவைக்க வேண்டும்: 'டெர் ப்ரொஃபெஸோர், டெஸ் ப்ரொஃபெஸோர்ஸ்', 'டெர் ஷ்டுடென்ட், டெஸ் ஷ்டுடென்டென்' என்று. உடைமையில் 'ஸ்' இல்லாமல் 'ன்' மட்டும் இருந்தால் மற்ற இடங்களைத் தனியாகக் கேட்கவேண்டியதில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் 'டெம் பேர்' என்று சொன்னால் புரிந்துகொண்டு சும்மா இருக்கலாம். தேர்வுத் தாளிலும் விண்ணப்பத்திலும் 'டெம் பேரென்' என்றே எழுதவேண்டும்.